எண்ணெய் தடவியும் ஆறாத பித்தவெடிப்பு

மார்கழிப் பனி விலகி, தை நடுவில் காற்று காயத் தொடங்கியதும் வேலூரில் என் கிளினிக்குக்கு ஒரு கூட்டம் வரும். செருப்பை வாசலில் விடும்போதே பாதத்தின் முன்பக்கத்தை மட்டும் ஊன்றி, குதிகாலைத் தரையில் படாமல் நடந்து வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் முதல் பேச்சு, "எல்லாம் தடவிப் பார்த்துட்டேன் டாக்டரம்மா."

போன வருஷம் வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். காட்பாடி பக்கம் இட்லிக்கடை. வயது 52, எடை 78 கிலோ. விடியற்காலை நாலு மணியிலிருந்து பதினொரு மணி வரை சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்றபடி வேலை. இரண்டு குதிகாலின் ஓரத்திலும் மஞ்சளாகத் தடித்த தோல். அதில் குறுக்காக ஏழெட்டு வெடிப்புகள், வலது காலில் இருந்த ஒன்றில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. "புடவை ஓரத்து நூல் அதுல மாட்டிக்குது. இழுத்தா உயிர் போவுது" என்றார். தேங்காய் எண்ணெய், மெழுகைக் காய்ச்சி ஊற்றுவது, மஞ்சள், மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு ட்யூப், கடைசியில் செருப்பு ஒட்டுகிற பசை. எல்லாவற்றையும் வெடிப்புக்கு உள்ளேதான் வைத்திருந்தார்.

அங்கேதான் பிசகு. கோளாறு பள்ளத்தில் இல்லை, பள்ளத்தின் இரண்டு கரையிலும் இருக்கிறது.

நிற்கும்போது குதிகாலின் அடியில் இருக்கும் கொழுப்பு மெத்தை நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கும். ஓரத்துத் தோல் அந்த அளவுக்கு விரிந்து கொடுக்க வேண்டும். மெல்லிய, ஈரமுள்ள தோல் விரியும். ஆனால் நாள் முழுக்க அழுத்தமும் உராய்வும் படுகிற இடத்தில் உடம்பு தற்காப்புக்காக மேல்தோலை அடுக்கடுக்காகத் தடிக்க வைக்கிறது. நாம் காய்ப்பு என்கிறோமே, அதுதான். மேலே இருப்பது செத்த செல்கள். உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பி உண்டு, எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. அதனால் காற்று காய்ந்ததும் முதலில் ஈரத்தை இழப்பது இந்தத் தடித்த ஓரம்தான். காய்ந்த ஓரம் விரியாது, விண்டு போகும். வெடிப்பு செத்த அடுக்கோடு நின்றால் வலிக்காது. கீழே உயிருள்ள தோல் வரை கிழியும்போதுதான் ஒவ்வொரு அடிக்கும் வலி, ரத்தம். ஆறத் தொடங்கினாலும் மறுநாள் காலை எழுந்து நின்றதும் இரண்டு கரையும் விலகி, முந்தின நாள் சேர்ந்தது மறுபடி பிரிந்துவிடும்.

பின்பக்கம் திறந்த செருப்பு போடுகிறவர்களுக்கு இது அதிகம். ஷூவின் பின்சுவர் குதிகாலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் செருப்பில் பிதுங்கும் சதையைப் பிடிக்க ஒன்றும் இல்லை. வெறுங்காலுக்கும் அதே கதைதான். பித்தவெடிப்பு என்று பேர் இருப்பதால் பித்தம், உடல்சூடு என்று சொல்லி முட்டையையும் கத்தரிக்காயையும் நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. பேர் இருந்துவிட்டுப் போகட்டும். கத்தரிக்காயைச் சாப்பிடுங்கள்.

சரி, எண்ணெய் ஏன் வேலை செய்யவில்லை? அந்த அம்மாவின் கணவர் ராணிப்பேட்டையில் டேனரியில் இருந்தவர். கூடவே வந்திருந்தார். "தோலுன்னா எண்ணெ குடுத்தாத்தான் வளையும், இல்லாங்காட்டி ஒடையும்" என்று என்னிடமே பாடம் எடுத்தார். பதனிட்ட தோலுக்கு அது சரி. நம் காலில் இருக்கும் தோலுக்குக் கணக்கு வேறு. 1952-இல் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் காய்ந்து விறைத்த காய்ப்புத் தோல் துண்டுகளை எண்ணெயில் போட்டுப் பார்த்தார். அவை விறைப்பாகவே இருந்தன. தண்ணீர் பட்டபோதுதான் வளைந்தன. நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் கீழே ஈரம் போனால் அந்தத் தோல் நொறுங்கும் என்பதும் அவர் கண்டதுதான்.

இதை நான் வாயால் சொல்வதில்லை, காட்டிவிடுவேன். அந்த அம்மாவின் குதிகாலிலிருந்து சீவிக் காய வைத்த இரண்டு துணுக்குகளை எடுத்து ஒன்றைத் தண்ணீரிலும் மற்றொன்றைத் தேங்காய் எண்ணெயிலும் போட்டு மேசையில் வைத்தேன். கால் மணி நேரம் கழித்து டேனரிக்காரரையே எடுக்கச் சொன்னேன். தண்ணீரில் இருந்தது நனைந்த அப்பளம் போல மடங்கியது. எண்ணெயில் கிடந்தது பளபளவென்று அழகாக இருந்தது, மடக்கியதும் படக்கென்று ஒடிந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, இன்னொரு தடவை ஒடித்துப் பார்த்தார்.

ஆக, எண்ணெயின் வேலை ஈரத்தைத் தருவதல்ல, உள்ளே போன ஈரம் ஓடிவிடாமல் மூடி வைப்பது. காய்ந்த காலில் தடவினால் காய்ந்ததை மூடி வைக்கிறோம், அவ்வளவுதான்.

சிகிச்சையில் முதலில் கரையைத் தணிக்க வேண்டும். அந்த அம்மாவுக்குக் காலை ஊற வைத்து, வெடிப்பின் இரு பக்க ஓரத்தையும் சர்ஜிக்கல் பிளேடால் சரிவாகச் சீவிவிட்டேன். இது கிளினிக்கில் செய்கிற வேலை. வீட்டில் ஷேவிங் பிளேடால் செய்து, உயிருள்ள தோல் வரை வெட்டிக்கொண்டு வருகிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

வீட்டுக்குச் சொன்னது இதுதான். ராத்திரி கடை வேலையெல்லாம் முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து நிமிடம் கால். உப்பு, சோடா, துணி சோப்பு எதுவும் வேண்டாம். உப்பும் சோப்பும் தோலை இன்னும் காய வைக்கும். ஊறிய பிறகு குதிகால் தேய்க்கிற கல்லால் ஓரத்தை லேசாகத் தேய்க்க வேண்டும், வெடிப்பின் மேல் குறுக்கே இழுக்கக் கூடாது. ஒரே நாளில் வழவழப்பாக்கிவிட நினைத்துத் தேய்த்தால், உராய்வைக் கண்ட உடம்பு இன்னும் தடிப்பாகத்தான் தோலை வளர்க்கும். பிறகு துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள், அதாவது இரண்டு மூன்று நிமிடத்துக்குள், யூரியா க்ரீம். அதன் மேல் வாஸ்லின், அதன் மேல் பருத்தி சாக்ஸ். காலையில் குளித்த ஈரத்தோடு இன்னொரு முறை க்ரீம்.

வயலுக்குப் போடுகிற யூரியாவா என்று கேட்டார். பொருள் ஒன்றுதான், ஆனால் தோலுக்காகச் சுத்தமாகச் செய்து க்ரீமில் அளவாகக் கலந்தது. பத்து சதவீதத்தில் யூரியா தண்ணீரை இழுத்துப் பிடித்து வைக்கும். இருபதுக்கு மேல் போனால் செத்த தோலின் இறுக்கத்தைத் தளர்த்தி உதிரவும் வைக்கும். அவருக்கு 20 சதவீதம் எழுதினேன். ஒரு சிக்கல் என்னவென்றால், திறந்த வெடிப்பில் பட்டால் சுரீரென்று எரியும். அதனால் ரத்தம் கசிந்த அந்த ஒன்றில் மட்டும் முதல் ஐந்தாறு நாள் வெறும் வாஸ்லின் வைத்து, இரண்டு கரையையும் சேர்த்துப் பிடித்து, குறுக்கே மருத்துவப் பசைத்தாள் ஒட்டச் சொன்னேன். கரை அசையாமல் இருந்தால்தான் அடியில் தோல் சேரும். அவர் பசை வைத்து ஒட்டிய யோசனை அந்த விதத்தில் முட்டாள்தனம் இல்லை. தோலுக்கென்றே உள்ள பசையால் வெடிப்பை மூடுகிற டாக்டர்கள் இருக்கிறார்கள். செருப்புப் பசை வேண்டாம் என்பதுதான் என் சண்டை.

க்ரீமுக்குக் காசில்லை என்றால்? ஊற வைத்து, ஈரம் காய்வதற்குள் அதே தேங்காய் எண்ணெயைத் தடவுங்கள். கொஞ்சம் மெதுவாகத்தான் கேட்கும், ஆனால் கேட்கும். இது நம் ஊரில் புதிதும் அல்ல. தொழுநோயில் நரம்பு கெட்டு வியர்வை நின்றுபோன பாதங்களுக்கு, பச்சைத் தண்ணீரில் ஊற வைத்து, சொரசொரப்பான கல்லில் தேய்த்து, ஈரத்தோடு எண்ணெய் தடவுவதைத்தான் பல காலமாகக் கற்றுக்கொடுத்து வருகிறார்கள். 1946-இல் வேலூர் சிஎம்சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், உணர்ச்சியற்ற கால் அழுகிப்போவதற்கு நோய்க்கிருமியைவிட, வலி தெரியாமல் படுகிற காயங்கள்தான் காரணம் என்று கண்டு சொன்னவர். பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அந்தப் பணி வளர்ந்தது.

அதை இங்கே சொல்லக் காரணம், இன்றைக்கு அதே நிலைமையில் சர்க்கரைக்காரர்கள் இருக்கிறார்கள். நாள்பட்ட சர்க்கரையில் வியர்வை நரம்பு கெட்டால் கால் காய்ந்து வெடிக்கும், உணர்ச்சி நரம்பு கெட்டால் வெடித்தது தெரியாது. இட்லிக்கடை அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு அவரைவிட ஆழமான வெடிப்பு. "வலியே இல்லம்மா, பேத்திதான் ரத்தத்தப் பார்த்தா" என்றார். எனக்குப் பயம் அவரைப் பார்த்துத்தான். சர்க்கரை உள்ளவர்கள் வெந்நீரில் கால் வைக்கவே வேண்டாம், சூடு தெரியாமல் வெந்துபோகும். குளித்த ஈரமே போதும். க்ரீமை விரல் இடுக்கில் தடவக் கூடாது. தோலைக் கரைக்கும் சாலிசிலிக் ஆசிட் மருந்துகளையும் காய்ப்புப் பிளாஸ்திரிகளையும் தாங்களாக வாங்கக் கூடாது. வெடிப்பைச் சுற்றிச் சிவந்தாலோ, வீங்கினாலோ, சீழோ நாற்றமோ வந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, எல்லா வெடிப்பும் வறட்சியால் வருவதில்லை. ஒரு காலில் மட்டும், குதிகாலோடு நிற்காமல் பாதம் முழுக்க, ரேகைகளுக்குள் மாவு தூவியது போல வெள்ளைச் செதில் இருந்தால் படர்தாமரைக் கிருமியாக இருக்கலாம். நகமும் மஞ்சளாகத் தடித்திருக்கும். செதிலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். மெடிக்கலில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த ட்யூப் அதை மறைத்து வளர்க்கும். உள்ளங்கையும் சேர்ந்து வெடித்தால் சோரியாசிஸா என்று பார்க்க வேண்டும்.

அந்த அம்மாவுக்குச் சர்க்கரையும் இல்லை, படர்தாமரையும் இல்லை. அடுப்புக்கு முன்னால் ஒரு தடித்த ரப்பர் மேட், கடையில் நிற்கும்போது பின்பட்டை உள்ள மெத்தைச் செருப்பு, இரண்டும் கட்டாயம் என்றேன். ஐந்தாம் நாள் வலி குறைந்தது. இரண்டு வாரத்தில் ரத்தம் கசிந்த வெடிப்பு மூடிக்கொண்டது. மூன்றாம் வாரம் மறுபடி ஒருமுறை சீவினேன். தடிப்பு அடங்க எட்டு வாரம் ஆனது. அதற்கப்புறம் வாரம் மூன்று நாள் க்ரீம் போதும், ஆனால் நிறுத்தக் கூடாது என்று சொல்லியனுப்பினேன். நிற்கிற வேலை நிற்காத வரை தோல் தடிக்கத்தான் செய்யும்.

இந்தத் தையில் மறுபடி வந்தார். இடது காலில் மட்டும் ஒரு கோடு, வலி இல்லை. க்ரீம் தவறாமல் போடுகிறாராம். மேட் எங்கே என்று கேட்டேன். "எண்ணெப் பிசுக்கு ஏறிப்போச்சுன்னு மருமவ தூக்கிப் போட்டுட்டா டாக்டரம்மா" என்றார். சீட்டில் மருந்து எழுதுகிற இடத்தில் "ரப்பர் மேட், ஒன்று" என்று எழுதி, மருமகளிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தேன்.