பத்துக் கிலோ வாங்கினால் பத்துக் கிலோ விற்காது

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஈரச்சந்தையில் கடை வைத்திருப்பவர்களுக்கு நான் கணக்கு வகுப்பு எடுக்கிறேன். பல கடைகள் விடுமுறை விடும் திங்கட்கிழமைகளில், ஆறு வாரம். எடை, சில்லறை, லாபம், குறிப்பேடு என்று வரிசையாக நடத்திவந்தேன். இப்போது குறிப்பேட்டை முதல் நாளே கொடுத்துவிடுகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

வெண்டைக்காய் விற்கும் அக்கா ஒருவர் 10 கிலோ பெட்டியை 30 வெள்ளிக்கு வாங்கினார். கிலோ 4 வெள்ளி என்று விற்றார். "பெட்டிக்குப் பத்து வெள்ளி நிக்குது தம்பி" என்றார். ஆனால் பெட்டி காலியானபோது, கைபேசியில் வந்த பணத்தையும் சேர்த்து எண்ணினால் 32 வெள்ளிதான் இருந்தது. அவருக்குக் கூட்டல் கழித்தல் நன்றாகவே வரும். பத்துக் கிலோவும் காசாகும் என்று நினைத்ததில்தான் தவறு.

கண்டுபிடிக்கும் வழி எளிது. வந்த 32 வெள்ளியை விலை 4ஆல் வகுத்தால் 8 கிலோ. மீதி 2 கிலோ எங்கே? வாடியது, முற்றியது என்று ஒதுக்கிய காயைக் குப்பையில் போடுமுன் நிறுத்தால் 1.2 கிலோ. இன்னும் 800 கிராம் காணோம். அன்று 16 பேர் அரைக்கிலோ வாங்கியிருந்தார்கள். தராசில் 550 கிராம் காட்டினாலும் "சரி, இருக்கட்டும்" என்று கட்டிக் கொடுத்திருக்கிறார். பதினாறு தடவை 50 கிராம், அதே 800 கிராம்.

ஆக, உண்மையான அடக்கவிலை 30ஐ 10ஆல் வகுத்து வரும் 3 வெள்ளி இல்லை. விற்ற எடையான 8ஆல் வகுக்கவேண்டும்: 3.75 வெள்ளி. கிலோவுக்கு 25 காசுதான் நின்றது. கடை வாடகையும் பிளாஸ்டிக் பையும் அதிலிருந்துதான் போகவேண்டும்.

அதனால் ஏட்டில் நான்கு கட்டம் மட்டும்: வாங்கியது, வந்த பணம், ஒதுக்கிய எடை, காணாத எடை. முடிகிற நேரத்தில் விலை குறைத்து விற்றதைத் தனியே எழுதவேண்டும். இல்லாவிட்டால் அதுவும் காணாத எடையாகத் தெரியும். இருபது காய்க்கும் இப்படி எழுத யாருக்கும் நேரம் இருக்காது. வாரத்துக்கு ஒரு காய் போதும்.

சில்லறைக்கு ஒரே வகுப்புதான். 6.40 வெள்ளிக்குப் பத்து வெள்ளித் தாள் தந்தால் கழிக்காமல் மேலே எண்ணுவது: பத்துக் காசு, 6.50, ஐம்பது காசு, 7, மூன்று வெள்ளி, 10. மீதி கொடுக்கும்வரை வாங்கிய தாள் மேசைமேல் இருக்கட்டும்.

அடுத்த திங்கள் அக்கா ஏட்டைக் கொண்டுவந்தார். அதே பெட்டி, அதே விலை. ஒதுக்கியது 1.1 கிலோ, காணாதது 150 கிராம், வந்த பணம் 35 வெள்ளி. "அடக்கம் இப்ப எவ்வளவு?" என்று கேட்டேன். முப்பதை 8.75ஆல் வகுத்து, 3.43 என்று அவரே எழுதினார்.