ஓரக் கருகல், ஊதா படர்தல்: இரண்டும் ஒன்றல்ல

பொட்டாசியம் என்னும் சாம்பல் சத்துக் குறையால் இலை ஓரம் தீய்வதை ‘இலைக்கருகல் நோய்’ என்றும், பாஸ்பரஸ் என்னும் மணிச்சத்துக் குறையால் இலை நிறம் மாறுவதை ‘ஊதாக் கருகல்’ என்றும் மொழிபெயர்ப்பது வழக்கமாகிவருகிறது. இரண்டுமே பிழை.

கருகு என்பது கருமையைக் குறிக்கும் ‘கரு’ அடியில் பிறந்தது. காய்ந்து கறுத்து உயிரற்றுப் போவது என்பதே அதன் பொருள். ஊதா வெளியிலிருந்து வந்து நம்மிடம் நிலைத்த சொல். அதற்காகச் ‘செந்நீலமாதல்’ என்று புதிதாக ஆக்கினால் வயலில் நிற்பவருக்கு எந்த நிறம் என்றே விளங்காது.

‘ஊதாக் கருகல்’ எனக்கு ஏற்புடையதாக இல்லாததற்குக் காரணம், அது உயிருள்ள இலையைச் செத்ததாகச் சொல்வதே. மணிச்சத்துக் குறைந்தால் வளர்ச்சி தடைப்பட்டு, செலவாகாத சர்க்கரை இலையில் தேங்குகிறது. அதனால் ஆந்தோசயனின் என்னும் நிறமி கூடுகிறது. நான்கு இலை விட்ட மக்காச்சோள நாற்றில் கீழ் இலைகளின் நுனியும் ஓரமும் ஊதாவாகும். தக்காளி நாற்றிலோ இலையின் அடிப்புறத்தையும் நரம்புகளையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஊதாவான பகுதியை விரலால் தேய்த்தால் துவளுமே தவிர உதிராது. குளிர்ந்த மண்ணில் வேர் முடங்கி இது நேர்ந்திருந்தால், மண் சூடேறியதும் வரும் புதிய இலைகள் பச்சையாகவே விரியும். சில மக்காச்சோள ரகங்களுக்கு நாற்றுப்பருவ ஊதா இயல்பிலேயே உண்டு. ஆகவே இதை ‘ஊதா படர்தல்’ என்பதே போதும்.

இதை ‘இளம் இலைகளில் தோன்றும்’ என்று எழுதுவோரும் உளர். தோன்றுவது இளஞ்செடியில், அதிலும் முதிர்ந்த இலையில்தான் முதலில், ஏனெனில் செடி மணிச்சத்தைப் பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடும்.

சாம்பல் சத்தும் அவ்வாறே இடம்பெயர்வதால் அதன் குறையும் கீழ் இலையில்தான் தொடங்கும். ஆனால் அங்கே ஓரம் மஞ்சளாகிப் பழுப்பேறி மெய்யாகவே சாகிறது, தேய்த்தால் நொறுங்குகிறது, பிறகு எவ்வளவு உரமிட்டாலும் அந்த விளிம்பு பச்சையாவதில்லை. இதற்குக் கருகல் பொருந்தும், ‘ஓர’ என்னும் முன்னொட்டோடு மட்டும். வெறும் இலைக்கருகல் பூசண, பாக்டீரியா நோய்களுக்கு வழங்கும் பெயர். அதைப் படிப்பவர் பூசணக்கொல்லியைத் தேடிப் போவார். தக்காளியின் முன்பருவ இலைக்கருகலும் கீழ் இலையில் தொடங்குவதால் குழப்பம் இன்னும் எளிது. ஆனால் அந்த நோயில் இலைப்பரப்பில் ஆங்காங்கே வளையத்துக்குள் வளையமாகப் புள்ளிகள் விழும்; ஓரக் கருகல் புள்ளியின்றி விளிம்பைத் தொடர்ந்து ஓடும், மக்காச்சோளத்தில் நடுநரம்பு பச்சையாகவே நிற்கும். உப்பு நீரும் வறட்சியும் இதே போல் ஓரத்தைத் தீய்க்கும் என்பதால், ‘ஓரக் கருகல்’ அறிகுறியின் பெயரே தவிர காரணத்தின் பெயரன்று. காரணத்தைச் சொல்லும் இடத்தில் ‘சாம்பல் சத்துக் குறையால் வந்த ஓரக் கருகல்’ என்று முழுமையாகவே எழுத வேண்டும்.