கால்களில் ஓடிய கரண்ட்

இரவு ஒன்றே முக்கால். மனநல வார்டில் எல்லோரும் தூங்கியிருந்தார்கள், பன்னிரண்டாம் கட்டில் தம்பியைத் தவிர. கட்டிலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தான். பத்து அடி போவான், திரும்புவான், கட்டிலில் உட்காருவான், அரை நிமிடத்தில் எழுந்துவிடுவான்.

"சிஸ்டர், கால்ல கரண்ட் விடுறாங்க. படுத்தா ஏறுது. நடந்தாத்தான் கொஞ்சம் அடங்குது. என்னைக் கொல்லப் போறாங்க சிஸ்டர்."

வயது இருபத்து நான்கு. மூன்று நாளைக்கு முன்னால் சேர்த்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைக் கண்காணிக்கிறார்கள், காதில் பேசுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தவன். அவன் வாயிலிருந்து 'கரண்ட் விடுறாங்க' என்று கேட்டால் யாரும் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள். உதவிக்கு நின்ற வார்டு அண்ணனும் அதையேதான் சொன்னார்: "நோய் ஏறிடுச்சு சிஸ்டர், ஊசி போட்டுடலாம்." கேஸ் ஷீட்டிலும் அதற்கு இடம் இருந்தது. நோயாளி கட்டுக்கடங்காமல் போனால் மனநோய்க்கான மருந்தான ஹாலோபெரிடால் 5 மி.கி. தசையில் போடலாம் என்று டாக்டர் எழுதி வைத்திருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே மாதிரி நடந்துகொண்டிருந்த ஒருவருக்கு அந்த ஊசியை நானே போட்டிருக்கிறேன். மயக்கத்தில் இரண்டு மணி நேரம் தூங்கினார். எழுந்தபோது முன்னைவிட மோசமாக நடந்தார். அதனால் இப்போதெல்லாம் ஊசியை எடுப்பதற்கு முன்னால் ஷீட்டைப் பின்னோக்கிப் படிப்பேன்.

சேர்த்த அன்று மாலை ஹாலோபெரிடால் 5 மி.கி., தூக்கம் தரும் ப்ரோமெத்தசின் 50 மி.கி. ஊசி. மறுநாளிலிருந்து ஹாலோபெரிடால் 5 மி.கி. மாத்திரை, காலையும் இரவும். முதல் இரவு நன்றாகத் தூங்கியிருக்கிறான். இரண்டாம் நாள் மாலைதான் 'நோயாளி அமைதியின்றி நடக்கிறார்' என்ற முதல் குறிப்பு வருகிறது. சேர்க்கும்போது அவனுக்குச் சந்தேகம் இருந்தது, குரல்கள் இருந்தன. கால் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கால் தொல்லை மருந்துக்குப் பிறகு வந்தது.

இதற்கு அகாதீசியா என்று பெயர். 'உட்கார முடியாமை' என்பதே அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். 1901இல் ப்ராக் நகரத்து மருத்துவர் ஹாஷ்கொவெட்ஸ் இந்தப் பெயரை வைத்தபோது மனநோய்க்கு இன்றைய மருந்துகள் எதுவும் கிடையாது. மருந்துகள் வந்த பிறகுதான் இது வார்டுகளில் அன்றாடம் பார்க்கும் தொல்லையாக மாறியது.

காதில் குரல் கேட்பது, எல்லாவற்றிலும் சதி தெரிவது போன்றவற்றில் மூளையின் சில பகுதிகளில் டோபமைன் என்ற ரசாயனச் சைகை அளவுக்கு மீறி இருக்கிறது. ஹாலோபெரிடால் அந்தச் சைகையை வாங்கும் ஏற்பிகளில் போய் உட்கார்ந்து வழியை அடைக்கிறது. சிக்கல் என்னவென்றால், உடல் அசைவைச் சீராக்கும் பகுதிகளும் அதே டோபமைனை நம்பித்தான் இருக்கின்றன. ரத்தத்தில் போகும் மருந்துக்கு இந்தப் பகுதி வேண்டும், அந்தப் பகுதி வேண்டாம் என்று பிரிக்கத் தெரியாது. ஏற்பிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அடைபட்டால் அசைவுத் தொல்லைகள் தலைகாட்டத் தொடங்குகின்றன. டோபமைன் குறையும்போது நோரட்ரினலின் என்ற இன்னொரு சைகை கட்டு தளர்ந்து எழும்புவதுதான் இந்தத் தவிப்புக்குக் காரணம் என்பது ஒரு விளக்கம். அந்த நோரட்ரினலினைத் தடுக்கும் மாத்திரை பலருக்குக் கைகொடுப்பது இந்த விளக்கத்துக்கு வலு சேர்க்கிறது.

தம்பிக்குக் கிடைத்தது வெறும் தவிப்பு. அதற்குப் பெயர் தெரியாது, காரணம் தெரியாது. ஏற்கெனவே யாரோ துரத்துகிறார்கள் என்று நம்பும் மனம், புதிதாக வந்த தவிப்பையும் அவர்கள் கணக்கிலேயே எழுதிவிட்டது. இங்கேதான் வார்டு ஏமாறுகிறது. சொல்லும் காரணம் நோயிலிருந்து வருகிறது, ஆனால் உணர்வு நிஜம். இதை நோய் முற்றியதாக எண்ணி ஊசி போட்டால் இன்னும் ஏற்பிகள் அடைபடும், தவிப்பு ஏறும், அதைப் பார்த்து அடுத்த ஊசி வரும்.

நாற்காலியை அவனுக்கு நேர் எதிரே போடவில்லை. கதவு அவனுக்குத் திறந்திருக்கும்படி, சற்றுப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தேன். 'தூங்குப்பா' என்று சொல்லவில்லை. தூங்க முடியாதவனிடம் அப்படிச் சொன்னால், தூக்கம் அவன் தோற்கும் இன்னொரு பரீட்சை ஆகிவிடும்.

"கொஞ்ச நேரம் உக்காருங்க தம்பி. எந்த ஊரு உங்களுக்கு?"

பேச்சு சும்மா இல்லை. 1989இல் பார்ன்ஸ் என்பவர் வெளியிட்ட அளவுகோல் இந்தப் பரிசோதனைக்கு உண்டு. சாதாரண விஷயம் பேசிக்கொண்டே நோயாளியை உட்கார்ந்த நிலையில் இரண்டு நிமிடமாவது, நின்ற நிலையில் இரண்டு நிமிடமாவது பார்க்க வேண்டும். பிறகு உள்ளே என்ன உணர்கிறார் என்று கேட்க வேண்டும். ஊர், வயல், தங்கச்சி படிக்கும் காலேஜ் என்று பேசினான். பேசப் பேச முகத்தில் பயம் இறங்கியது, குரல் தணிந்தது. கால்கள் மட்டும் தணியவில்லை. வலதை இடதின் மேல் போட்டான், எடுத்தான், குதிகாலைத் தரையில் தேய்த்தான். எழுந்து நிற்கச் சொன்னபோது இடது காலுக்கும் வலது காலுக்கும் மாறி மாறி எடையைச் சாய்த்தான், நின்ற இடத்திலேயே நடப்பதுபோல.

வெறும் பயமாக இருந்தால் பேச்சில் மனம் லயிக்கும்போது காலும் ஓயும். இங்கே பயம் வந்து வந்து போனது, கால் போகவில்லை.

"தம்பி, நடக்கணும்னு உங்களுக்கு ஆசையா, இல்ல உக்கார முடியலையா?"

"உக்காரணும்னுதான் சிஸ்டர் இருக்கு. உடம்பு விட மாட்டேங்குது." சொல்லும்போதே அழுதுவிட்டான்.

இன்னும் இரண்டைக் கேட்டாக வேண்டியிருந்தது. கடைசியாகக் குடித்தது எப்போது? மதுவை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வரும் பதற்றமும் இதுபோலத் தோன்றும், அதற்கான வைத்தியமே வேறு. குடிப்பழக்கம் இல்லை, கையில் நடுக்கமும் வியர்வையும் இல்லை. அடுத்தது, செத்துவிடலாம் போல இருக்கிறதா? இந்தத் தவிப்பு தாங்காமல் உயிரை விடத் துணிந்தவர்கள் உண்டு, அதனால் நேராகவே கேட்டுவிட வேண்டும். "இப்படியே இருந்தா அதுவே மேல்னு தோணுச்சு" என்றான். அதன் பிறகு அவனைத் தனியே விடவில்லை. வார்டு அண்ணனைப் பக்கத்தில் இருத்திவிட்டு டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தேன். மருந்து தொடங்கிய தேதி, தவிப்பு தொடங்கிய நேரம், உட்கார்ந்தும் நின்றும் பார்த்தது, அவன் சொன்ன அந்த வாக்கியம், நான்கையும் சொன்னேன்.

டாக்டர் வந்து பார்த்தார். நாடி 98, பிரஷர் சரி, ஆஸ்துமா கிடையாது. நோரட்ரினலினைத் தடுக்கும் அந்த மாத்திரைதான் ப்ரோப்ரனலால்; ஆஸ்துமா இருந்தால் அதைக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாய் சுருங்கும். விடிந்ததும் தர வேண்டிய ஹாலோபெரிடாலை நிறுத்தச் சொன்னார், ப்ரோப்ரனலால் 20 மி.கி. எழுதினார், அந்த இரவைக் கடக்கக் குளோனசெபம் அரை மில்லிகிராம். நாம் வழக்கமாகக் கொடுக்கும் ட்ரைஹெக்சிஃபெனிடில் இவன் சீட்டில் முதலிலிருந்தே இருந்தது. கழுத்து இழுத்துக்கொள்வதற்கும் கை விறைப்புக்கும் அது நன்றாகக் கேட்கும், அகாதீசியாவில் அந்த அளவுக்கு நம்ப முடியாது. ப்ரோப்ரனலாலும் ஒரே மாத்திரையில் முழுதாக வேலை செய்துவிடாது. ஏற்பிகளை அடைத்த மருந்தைக் குறைப்பதோ மாற்றுவதோதான் முக்கியம், அதற்கு நாட்கள் ஆகும்.

மாத்திரை கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

"தம்பி, காலுக்குள்ள நடக்குறது நிஜம். உங்களுக்குக் கொடுத்த மாத்திரைதான் அப்படிப் பண்ணுது. மாத்துறோம். குறையும்."

"அப்ப அவங்க இல்லையா?"

அவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்ற வாதத்துக்கு நான் போகவில்லை. "கால்ல இருக்குறது மாத்திரை" என்று மட்டும் சொன்னேன். அவன் நடந்தபோது கூட நடந்தேன், உட்கார்ந்தபோது உட்கார்ந்தேன். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் படுத்தான். கால் விரல்கள் போர்வைக்குள் சிறிது நேரம் அசைந்தன, பிறகு நின்றன.

இரண்டு நாள் விடுப்புக்குப் பிறகு போனேன். மருந்தை மாற்றியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள் என்றான், கரண்ட் பற்றிப் பேச்சில்லை. காலை டீ வந்தது. கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, கடைசிச் சொட்டு வரை குடித்தான்.