முக்கிய முடிவுகளா, முதன்மை விளைவுகளா?

காலாண்டுக் கூட்டத்துக்கான தமிழ்க் குறிப்பில் இந்தத் தடவையும், குழுக்கள் இலக்கு வைத்து அளக்கும் முறையான ஓ.கே.ஆர். என்பதை, அதாவது 'அப்ஜெக்டிவ்ஸ் அண்ட் கீ ரிசல்ட்ஸ்' என்பதை, 'குறிக்கோள்களும் முக்கிய முடிவுகளும்' என்று போட்டிருந்தார்கள். முதல் பாதி சரி. குறி, கொள் இரண்டும் சேர்ந்ததுதான் குறிக்கோள், 'அப்ஜெக்டிவ்' என்பதற்கு அது நன்றாகவே பொருந்துகிறது. என் சண்டை 'முடிவு' என்ற சொல்லோடுதான்.

இந்த முறையை 1970களில் இன்டெலில் வளர்த்தவர் ஆண்டி குரோவ். அங்கே கற்ற ஜான் டோர் 1999இல் கூகுளுக்குக் கொண்டுபோனார். குறிக்கோளை நெருங்கிவிட்டோமா என்று எண்ணால் காட்டுவதுதான் 'கீ ரிசல்ட்'. தமிழில் 'முடிவு' என்றால் நாம் எடுப்பதும் முடிவு, வேலை தீர்வதும் முடிவு. தேர்வு முடிவு என்று சொல்கிறோமே என்பார்கள். சரி, அது எழுதி முடித்த பிறகு வெளிவருவது, முன்கூட்டியே வைக்கும் இலக்கு இல்லை. அலுவலகத்தில் 'முக்கிய முடிவுகளை எழுதுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள், செய்து முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியல்தான் வரும்.

எங்கள் குழுவில் அதுதான் நடந்தது. குறிக்கோள், புதிய வாடிக்கையாளர் செயலியில் சேர்வதை எளிதாக்குவது. அதன் கீழே எழுதிய மூன்று 'முடிவுகள்': படிவத்தை மாற்றி அமைப்பது, 4 பயிற்சி வீடியோ எடுப்பது, உதவிப் பக்கத்தைப் புதுப்பிப்பது. மூன்றும் முடிந்தன, அட்டவணை முழுக்கப் பச்சை. ஆனால் பதிவைத் தொடங்கிய 100 பேரில் முடித்தவர்கள் முன்பும் 40 பேர், பின்பும் 40 பேர்.

அதனால்தான் 'விளைவு' என்கிறேன். விளைச்சல் என்ற சொல் இருக்கும் வேர்தான் இதற்கும். உழுததையும் உரம் போட்டதையும் யாரும் விளைச்சல் என்று சொல்வதில்லை. வீடியோ எடுப்பது உழவு, பதிவை முடித்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் விளைச்சல். 'முக்கிய' வடசொல் என்பதற்காக நான் சண்டை போடவில்லை, 'முதன்மை விளைவுகள்' என்றால் சொல்லும்போதே வேலைப் பட்டியல் எழுதக் கை கூசும், அதுதான் எனக்கு வேண்டும். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள், அதை வைத்து மூன்று மாதம் வேலை செய்யப்போகிறவர்களை நினைப்பதே இல்லை.

அடுத்த காலாண்டில் மாற்றி எழுதினோம்: பதிவை முடிப்பவர்கள் 100க்கு 40இலிருந்து 60 ஆக வேண்டும். 54 வந்தது. 20 ஏற வேண்டிய இடத்தில் 14 ஏறியிருக்கிறது, அதாவது 1க்கு 0.7. எட்டிப் பிடிக்கக் கடினமான இலக்குக்கு இது நல்ல மதிப்பெண்தான். அப்புறம் ஒரு துணை விளைவும் சேர்த்தோம், போலிக் கணக்குகள் முன்பிருந்த அளவைத் தாண்டக் கூடாது என்று. படிவத்தில் கேள்விகளைக் குறைத்தாலே முதல் எண் ஏறிவிடும், அந்த ஏற்றத்தில் யார் உள்ளே வந்தார்கள் என்பதை இரண்டாவது எண்தான் காட்டும்.