காஸ்கெட் ‘இறப்பர் வளையம்’ ஆகாது

குழாய் இணைப்பில் இரண்டு முகங்களுக்கு இடையில் வைத்து ஒழுக்கை அடைக்கும் காஸ்கெட் என்ற பொருளுக்கு ‘இறப்பர் வளையம்’ என்று எழுதும் வழக்கம் பராமரிப்புக் குறிப்புகளிலும் களஞ்சியப் பதிவேடுகளிலும் பயிற்சிக் கையேடுகளிலும் பரவிவிட்டது. இது பிழை. தமிழ் நடையில் மட்டும் உள்ள பிழையென்றால் விட்டுவிடலாம். குழாயை ஒழுக வைக்கும் பிழையாகவும் இது இருக்கிறது.

முதலில் சொல்லின் கதை. காஸ்கெட் பாய்க்கப்பல் காலத்துச் சொல். சுருட்டிய பாயைக் குறுக்கு மரத்தோடு சேர்த்துக் கட்டும் சிறு கயிற்றுக்கு அந்தப் பெயர் இருந்தது. பிரெஞ்சு மொழியில் மெல்லிய கயிற்றைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பர். நீராவி இயந்திரம் வந்தபோது, பின்னிய சணற்கயிற்றைக் கொழுப்பில் தோய்த்து உருளைக்குள் அடைத்தார்கள். அதுவும் காஸ்கெட் ஆயிற்று. ஆக, பிறந்த நாளில் இந்தப் பொருளில் இறப்பரும் இல்லை, அது வளையமாக இருக்க வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. நம் ஊர்ப் பட்டறைகளில் ‘பக்கிங்’ என்று சொல்வதும் இந்த அடைக்கும் வேலையைத்தான் குறிக்கிறது. அந்த வழக்கு மொழிபெயர்ப்பைவிடச் சரியானது.

இப்போது ‘இறப்பர் வளையம்’. ஒரு பொருளின் பெயரிலேயே அது எதனால் ஆனதென்று சொல்லிவிட்டால், வாங்குபவர் வேறு எதையும் யோசிக்க மாட்டார். உப்புவெளிப் பக்கத்து விடுதியொன்றின் சலவைக்கூடத்தில் இதுதான் நடந்தது. 50 மில்லிமீற்றர் நீராவிக் குழாயில், இரு முனைகளின் விளிம்புத் தட்டுகளையும் நாலு போல்ட்டால் சேர்த்து இறுக்கும் ஃபிளேஞ்ச் இணைப்பு ஒன்று. நீராவி அழுத்தம் 4 பார். அந்த அழுத்தத்தில் நிறைநிலை நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 152 பாகை செல்சியஸ். களஞ்சியத்திலிருந்து வந்தது சாதாரண இயற்கை இறப்பர்த் தகட்டில் வெட்டிய வட்டம். இயற்கை இறப்பர் தொடர்ந்து தாங்கக்கூடியது 70, 80 பாகை வரைதான். கொஞ்ச நாளில் இணைப்பின் விளிம்பிலிருந்து நீராவி சீறத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால் இறப்பர் கறுத்து, காய்ந்த தோல்போல் இறுகி, வளைத்த இடத்தில் வெடித்துக் கிடந்தது. ஏன் இதைப் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, போட்ட பையன் சொன்னான்: “அண்ணை, சீட்டில இறப்பர் வளையம் எண்டுதானே எழுதியிருக்கு.” அவனில் குற்றமில்லை. சீட்டு எழுதினவரிலும் பெரிதாக இல்லை. அந்தச் சொல்லை அவருக்குக் கொடுத்த மொழிபெயர்ப்பாளரில்தான் குற்றம்.

அடுத்து, ‘நல்லதாகப் போடுவோம்’ என்று கடையில் ரெஃப்லோன் தகடு வாங்கி வெட்டினார்கள். அதன் முறையான பெயர் பீ.ரி.எஃப்.ஈ. உருகிய கார உலோகங்களும் புளோரீன் வாயுவும்போன்ற சிலவற்றைத் தவிர எந்த இரசாயனமும் அதைத் தொடாது. 260 பாகை வரை தாங்கும். எண்ணைப் பார்த்தால் 152 பாகைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் இறுக்கிய அழுத்தத்தின் கீழ் அது மெல்ல மெல்லப் பக்கவாட்டில் வழியும். சூடு ஏறினால் இன்னும் வேகமாக வழியும். உருக்கைவிடப் பல மடங்கு விரியவும் செய்யும். பகலில் சூடேறி விரிந்து, இடமில்லாமல் குழாயின் உட்பக்கம் பிதுங்கியது. இரவு கொதிகலனை நிறுத்திக் குளிர்ந்ததும் சுருங்கியது, பிதுங்கினது திரும்பி வரவில்லை. போல்ட்டின் பிடி தளர்ந்தது. காலையில் நீராவி திறந்தபோது ஒழுகியது. கழற்றிய தகடு நிறம் மாறாமல், வெடிக்காமல், ஓரிடத்தில் மெலிந்தும் உள்விளிம்பில் தடித்தும் இருந்தது. இறுகி வெடித்திருந்தால் சூடு கொன்றது. மெலிந்து பிதுங்கியிருந்தால் வழிந்து போனது. உப்பி, பிசுபிசுத்து மென்மையாகியிருந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது. கழற்றியதை எறியுமுன் இந்த மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் ஒழுகாமல் நின்றது அமுக்கிய நார்த் தகடு. அராமிட் நாரை நைட்ரைல் இறப்பரால் பிணைத்துச் செய்வது. முன்பு அஸ்பெஸ்டஸ் செய்த வேலையை இப்போது செய்வது. 1.5 மில்லிமீற்றர் தடிப்பு. மெல்லியதாக இருந்தால்தான் பிடி தளராது. 3 மில்லிமீற்றர் போட்டால் பலம் கூடும் என்று நினைப்பது தவறு. பழைய துண்டுகளைச் சுரண்டி முகத்தைச் சுத்தமாக்கி, கிறீஸ் பூசாமல் வைத்து, நாலு போல்ட்டையும் குறுக்குக்குறுக்காக, மூன்று தடவையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். நீராவி விட்ட பிறகு மறுபடி இறுக்கக்கூடாது. சூட்டில் பிணைப்பு இறப்பர் இறுகிவிடும். அதன்மேல் திருகினால் தகடு நொறுங்கும். இந்தத் தகட்டுக்கும் ஆயுள் உண்டு, கழற்றியதைத் திரும்பப் போடவும் முடியாது.

இறப்பர் கெட்டது என்று சொல்லவில்லை. அதே விடுதியின் குளிர்நீர்க் குழாயில் இறப்பர்தான் சரி. நீச்சல் குளத்துக் குளோரின் திரவக் குழாயிலும் ஈ.பி.டி.எம். இறப்பர்தான் நல்லது. அங்கே ஃபிளேஞ்ச் பிளாஸ்ரிக். பீ.ரி.எஃப்.ஈ. தகட்டை அடைக்க வைக்கும் அளவுக்கு இறுக்கினால் பிளாஸ்ரிக் வெடித்துவிடும். மென்மையான ஈ.பி.டி.எம். சிறிய இறுக்கத்திலேயே அடைத்துக்கொள்ளும், குளோரினையும் தாங்கும். ஆனால் அதே ஈ.பி.டி.எம்.மை டீசல் குழாயில் போட்டால் உப்பிவிடும். அங்கே நைட்ரைல் வேண்டும். இவ்வளவு வேறுபாடும் ‘இறப்பர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் புதைந்துபோகிறது.

சொல்லின் மற்றப் பாதியான ‘வளையம்’ இன்னொரு குழப்பம். நட்டுக்குக் கீழே போடும் வாசர்தான் வளையம். அது எதையும் அடைப்பதில்லை. சுமையைப் பரப்பித் தாங்குகிறது. தண்ணீர்க் குழாய்த் திருகுபிடிக்குள் இருக்கும் வாசரோ அடைக்கிறது. முன்னதை ‘தாங்குவளையம்’ என்றும் பின்னதை ‘அடைவளையம்’ என்றும் எழுதினால் போதும். இணைப்புகளில் போடும் சிவப்பு நார் வாசரும் அடைவளையமே. அது பருத்தி நாரிலிருந்து செய்த செல்லுலோஸ். நனைந்தால் ஊதி நன்றாக அடைக்கும், காய்ந்தால் சுருங்கி ஒழுகும். எப்போதும் தண்ணீர் நிற்கும் இடத்துக்குத்தான் அது சரி.

காஸ்கெட்டுக்கு நான் சொல்வது ‘இடையடை’. இரண்டு முகங்களுக்கு இடையில் இருந்து அடைப்பது. வடிவத்தையும் சொல்லவில்லை, பொருளையும் சொல்லவில்லை. சிலர் ‘கசிவுத் தடுப்பான்’ என்கிறார்கள். மரையில் சுற்றும் நாடாவும் கசிவைத் தடுக்கிறது, பம்பின் அச்சடைப்பும் தடுக்கிறது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் ஒன்றையும் சுட்டாது. ‘அடைப்பான்’ என்றால் போத்தல் தக்கையும் அதுதான், சிலருக்கு வால்வும் அதுதான். ‘இடைத்தட்டு’ ஓரளவு பரவாயில்லை. ஆனால் தட்டு என்றதும் விறைப்பான ஒன்று மனதில் வருகிறது, அடைக்கும் வேலை வரவில்லை. ‘அடை’ என்றால் தின்பண்டம் அல்லவா என்று கேட்பவர்கள், தேனடையையும் நினைத்துப் பார்க்கட்டும். இடம் பார்த்துப் பொருள் கொள்ள நமக்குத் தெரியும்.

ஸ்பானரைக் கையில் பிடிக்காதவர்கள் அகராதியைத் திறந்து படத்தைப் பார்த்துப் பெயர் வைக்கிறார்கள். படத்தில் கறுப்பு வட்டம் தெரிகிறது. இறப்பர் வளையம் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு நாள் பட்டறையில் நின்று, இது என்ன வேலை செய்கிறது என்று கேட்டிருந்தால் போதும். தமிழ் வராவிட்டால் ‘காஸ்கெட்’ என்றோ ‘பக்கிங்’ என்றோ அப்படியே எழுதட்டும். தவறான தமிழைவிட அது எவ்வளவோ மேல்.

சீட்டில் பெயருக்குப் பின்னால் பொருளும் தடிப்பும் ஓடும் திரவமும் வர வேண்டும். சலவைக்கூடத்துச் சீட்டு இப்போது இப்படி இருக்கிறது: இடையடை, அமுக்கிய நார்த் தகடு, 1.5 மி.மீ., 50 மி.மீ. ஃபிளேஞ்ச், நீராவி 4 பார்.