வடைப் பக்கற்றில் குறைந்த 135 கிலோ கலோரி

பருத்தித்துறை வடை பக்கற் ஒன்றின் பின்பக்கத்தில் இப்படி அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம்: 100 கிராமில் புரதம் 12 கிராம், கொழுப்பு 27 கிராம், காபோவைதரேற்று 52 கிராம், சக்தி 364 கிலோ கலோரி. விளக்கத்துக்காக நான் அமைத்த லேபிள் இது, எந்தக் கம்பனியுடையதும் அல்ல. ஆனால் இதில் இருக்கும் பிழை மாதிரியான பிழை சிறு உற்பத்தியாளர்களின் பக்கற்றுகளில் வர நிறைய வாய்ப்பு உண்டு. ஒரு கல்குலேட்டரும் இரண்டு நிமிடமும் இருந்தால் அதைப் பிடித்துவிடலாம். பிழை இருக்கிறது என்பதோடு, அது எங்கே புகுந்தது என்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கணக்கு இதுதான். புரதத்தின் கிராமை 4 ஆல் பெருக்க வேண்டும், கொழுப்பை 9 ஆல், காபோவைதரேற்றை 4 ஆல். நம் வடைக்கு 12 × 4 = 48, 27 × 9 = 243, 52 × 4 = 208. கூட்டினால் 499 கிலோ கலோரி. லேபிளில் இருப்பதோ 364. குறைவது 135.

இந்த 135 என்ற எண்ணைச் சும்மா விட்டுவிடக் கூடாது. அதைக் கொழுப்பின் 27 கிராமால் வகுத்துப் பாருங்கள்: சரியாக 5 வரும். கொழுப்புக்கு 9 போட வேண்டிய இடத்தில் 4 போட்டால் ஒவ்வொரு கிராமுக்கும் 5 கிலோ கலோரி குறையும். அதாவது, லேபிள் செய்தவர் மூன்று சத்துகளின் கிராமையும் ஒன்றாகக் கூட்டி, வந்த 91 ஐ 4 ஆல் பெருக்கியிருக்கிறார். 91 × 4 = 364. இடைவெளியின் அளவே காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

எண்ணெயில் பொரித்த பண்டத்தில் இந்தப் பிழை சின்னதாக இருக்காது. 499 இல் 135 என்றால் கால் பங்குக்கும் அதிகம். நீரிழிவுக்காகச் சாப்பாட்டை அளந்து உண்ணும் ஒருவர் அந்த எண்ணை நம்பித்தான் மாலைத் தேநீரோடு எத்தனை வடை என்று தீர்மானிக்கிறார். அதனால் இதை வெறும் அச்சுப் பிழையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த 4, 9, 4 எங்கிருந்து வந்தன? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் செய்த வேலை இது. உணவை ஒட்சிசன் நிரப்பிய மூடிய உலோகக் கலத்தில் வைத்து எரித்து, சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளக்கும் முறை அப்போது இருந்தது. அப்படி எரித்தால் ஒரு கிராம் கொழுப்பு ஏறக்குறைய 9.4 கிலோ கலோரி தரும், புரதம் 5.65, காபோவைதரேற்று 4.1 அளவில். ஆனால் உடம்பு உணவை அந்தக் கலம் போல முழுமையாக எரிப்பதில்லை. கொஞ்சம் செரிக்காமல் மலத்தோடு போய்விடுகிறது. புரதத்துக்கு இன்னொரு இழப்பும் உண்டு. அதில் உள்ள நைதரசனை உடம்பு எரிக்க முடியாது. யூரியாவாக மாற்றி சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. அந்த யூரியாவுக்குள் எரியக்கூடிய சக்தி இன்னும் மிச்சமிருக்கிறது, ஒரு கிராம் புரதத்துக்கு சுமார் 1.25 கிலோ கலோரி.

ஆகவே புரதத்துக்கு 5.65 இலிருந்து 1.25 ஐக் கழித்தால் 4.4. அதில் செரிப்பது ஏறக்குறைய 92 வீதம் என்றால் கிட்டத்தட்ட 4. கொழுப்பில் 95 வீதம் செரிக்கிறது என்று எடுத்தால் 9.4 என்பது 8.9 ஆகிறது, அதை 9 ஆக்கிவிட்டார்கள். காபோவைதரேற்றும் அதே மாதிரி 4 இல் வந்து நிற்கிறது. இவை பலவகை உணவு கலந்த சாப்பாட்டுக்கான சராசரி எண்கள். தனி உணவு ஒன்று இதிலிருந்து நன்றாக விலகவும் கூடும். 2012 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், முழுப் பாதாம் பருப்பிலிருந்து உடம்பு எடுத்த சக்தி இந்தக் கணக்கு சொல்வதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவாக இருந்தது. மெல்லும்போது உடையாத செல்களுக்குள்ளேயே எண்ணெய் அடைபட்டு வெளியேறிவிடுகிறது. முழுக் கச்சான் சாப்பிட்டாலும் அரைத்த கச்சானைவிட அதிகக் கொழுப்பு இப்படி வீணாகும். ஆனாலும் லேபிளில் வழமையாகப் போடுவது இந்தச் சராசரிக் கணக்குத்தான். அதனால் லேபிளைச் சோதிக்கவும் அதையே பயன்படுத்தலாம்.

சரி, எவ்வளவு வித்தியாசம் வந்தால் சந்தேகப்பட வேண்டும்? கிராம்கள் கிட்டிய முழு எண்ணுக்கு மட்டந்தட்டப்பட்டே அச்சாகின்றன. 27 என்று போட்டது உண்மையில் 26.5 ஆகவோ 27.4 ஆகவோ இருக்கலாம். கொழுப்பில் அரைக் கிராம் பிசகினால் நாலரை கிலோ கலோரி, மற்ற இரண்டிலும் அரைக் கிராம் பிசகினால் இரண்டிரண்டு. மூன்றும் ஒரே பக்கமாகப் பிசகினாலும் மொத்தம் எட்டரைதான். ஆகவே 100 கிராமுக்கான லேபிளில் ஒன்பது வரையான வித்தியாசத்தைக் கண்டுகொள்ளத் தேவையில்லை. அதற்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும்.

காரணத்தைத் தேடும்போது முதலில் விகிதத்தைப் பாருங்கள். லேபிளில் உள்ள எண் உங்கள் கணக்கைப்போல நான்கு மடங்குக்குச் சற்று அதிகமாக இருந்தால், அது கிலோ யூல். ஒரு கிலோ கலோரி 4.184 கிலோ யூல். நம் வடையின் 499 அந்த அலகில் 2088 ஆகும். அலகின் பெயரை மட்டும் மாற்றி அச்சிட்டிருப்பார்கள். விகிதம் 0.3 என்று வந்தால், சக்தியை 30 கிராம் பரிமாறலுக்கும் மற்றவற்றை 100 கிராமுக்கும் போட்டிருக்கலாம்.

விகிதம் எதுவும் பொருந்தாமல் இருபது முப்பது கிலோ கலோரி மட்டும் இடித்துக்கொண்டு நிற்கும் லேபிள்களும் உண்டு. அங்கே பெரும்பாலும் நார்ச்சத்துத்தான் விடயம். அதற்குக் குரக்கன் மா நல்ல உதாரணம். இப்படி ஒரு லேபிள் என்று எடுப்போம்: புரதம் 7, கொழுப்பு 2, காபோவைதரேற்று 76, நார்ச்சத்து 11, சக்தி 328. நம் கணக்கில் 28 + 18 + 304 = 350 வருகிறது. லேபிள் 22 குறைவாகச் சொல்கிறது. பார்த்தவுடன் பிழை என்றுதான் தோன்றும்.

நார்ச்சத்தும் வேதியியல்படி காபோவைதரேற்று வகைதான். ஆனால் நம் சிறுகுடலில் அதை உடைக்கும் நொதியம் இல்லை. பெருங்குடலில் உள்ள பக்றீரியாக்கள் அதில் ஒரு பகுதியைப் புளிக்க வைத்து, அதிலிருந்து வரும் சிறிய கொழுப்பமிலங்களை நமக்குத் தருகின்றன. அதனால் அதற்கு ஒரு கிராமுக்கு 4 என்று போடாமல் 2 என்று போடுவது வழக்கம். இப்போது 76 கிராமுக்குள் 11 கிராம் நார் இருக்கிறது என்று எடுங்கள். மிச்சம் 65 கிராமுக்கு 260, நாருக்கு 22, புரதமும் கொழுப்பும் 46. மொத்தம் 328. லேபிள் சரி.

ஆனால் நாரை 76 க்குள் எண்ணியிருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? அமெரிக்க லேபிளில் காபோவைதரேற்று என்றால் நாரும் சேர்ந்தது. ஐரோப்பிய லேபிளில் நார் தனி. யாழ்ப்பாணத்துக் கடைத் தட்டில் இரண்டு விதமான பக்கற்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் பெட்டிகளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. இதைத் தீர்க்க கலோரியை விட்டுவிட்டு நிறையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 100 கிராம் மாவில் எல்லாம் சேர்த்து 100 கிராமுக்கு மேல் இருக்க முடியாது. புரதம், கொழுப்பு, காபோவைதரேற்று மூன்றும் 85. காய்ந்த மாவிலும் ஈரம் 12 கிராம் அளவில் இருக்கும், கல்சியம் முதலான கனிமங்கள் 3 கிராம் அளவில். ஆக 100. நார் இதற்கு வெளியே என்றால் 111 ஆகிவிடும். அது நடக்காது. ஆகவே நார் உள்ளேதான்.

இந்த நிறைக் கூட்டலை நான் கலோரிச் சோதனைக்கு முன்னரே செய்துவிடச் சொல்வேன். 100 ஐத் தாண்டும் லேபிளில் கலோரி பொருந்தினாலும் பயனில்லை.

எண்கள் பொருந்திவிட்டால் லேபிள் உண்மை என்று ஆகிவிடுமா? ஆகாது. காபோவைதரேற்றைப் பெரும்பாலும் யாரும் நேராக அளப்பதில்லை. ஆய்வுகூடத்தில் ஈரத்தை உலர்த்தி அளப்பார்கள், எரித்தபின் மிஞ்சும் சாம்பலை அளப்பார்கள், கொழுப்பைக் கரைப்பான் ஒன்றில் பிரித்தெடுப்பார்கள், நைதரசனை அளந்து 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்பார்கள். இவை எல்லாவற்றையும் 100 இலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் காபோவைதரேற்று. எனவே வேறு எங்கே பிழை நடந்தாலும் அது வந்து சேரும் இடம் இதுதான்.

மறுபடியும் வடைக்கு வருவோம். ஈரமும் சாம்பலும் சேர்ந்து 9 கிராம், புரதம் 12. கொழுப்பு முழுதாகப் பிரிந்து வராமல் 27 க்குப் பதில் 22 என்று அளவாகிவிட்டது என்றால், தொலைந்த 5 கிராம் தானாகவே காபோவைதரேற்றாக மாறி 57 ஆகும். இப்போது 48 + 198 + 228 = 474. லேபிளிலும் 474 என்றே அச்சாகும். நிறையும் 100, கலோரியும் பொருந்தும். உண்மையோ 499. நம் சோதனை இந்தப் பிழையைக் காணவே காணாது. சக்தி என்ற எண்ணே அந்த மூன்று கிராம்களிலிருந்து கணக்கிட்டதுதான் என்பதால், அந்தக் கிராம்களுக்கு அது சாட்சி சொல்ல முடியாது.

அதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். பொரித்த பண்டம் செய்பவர்களுக்கு அது தாச்சியிலேயே இருக்கிறது. ஒரு நாள் பொரிப்புக்கு முன்னும் பின்னும் எண்ணெயை அளந்து, வெளிவந்த வடை முழுவதையும் நிறுத்துப் பார்த்தால் போதும். ஒன்றரை லீற்றர் எண்ணெய் குறைந்து 5 கிலோ வடை வந்தது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெயின் அடர்த்தி லீற்றருக்கு ஏறக்குறைய 0.92 கிலோ, ஆகவே குறைந்தது 1.38 கிலோ. அது 5 கிலோவில் 27.6 வீதம். கரண்டியிலும் வடிதட்டிலும் ஒட்டிப்போன கொஞ்சத்தைக் கழித்து, உளுந்திலும் மாவிலும் இயல்பாக உள்ள சிறிதளவு கொழுப்பைச் சேர்த்தால் 27 நம்பக்கூடிய எண். 22 என்று அறிக்கை வந்திருந்தால், வடையை இன்னும் நுணுக்கமாக அரைத்து, கொழுப்பை மட்டும் மறுபடி பிரித்தெடுத்துப் பார்க்கச் சொல்லி ஆய்வுகூடத்துக்குத் திருப்பி அனுப்பலாம்.