டிரம்மில் முதலில் போக வேண்டியது சிமெண்ட் இல்லை

கோத்தகிரியில் ஒரு வீட்டுக்கு ரூப் போட்ட அன்று காலை கான்கிரீட் கலக்கும் மெஷினில் முதல் டிரம்மைக் கவிழ்த்தோம். மேலே கான்கிரீட் நன்றாகத்தான் இருந்தது, மம்பட்டியால் கிளறினால் உள்ளே எலுமிச்சை அளவுக்குச் சிமெண்ட் உருண்டைகள். உடைத்துப் பார்த்தால் நடுவில் காய்ந்த பொடி. சிமெண்ட் மூட்டையை முதலில் பிரித்துக் கொட்டியதுதான் காரணம். ஈர டிரம்மில் விழுந்த சிமெண்ட் அடியில் அப்பிக்கொள்ளும், டிரம்முக்குள் கலக்குகிற பிளேடால் அதைச் சுரண்டி எடுக்க முடியாது.

சரியான வரிசை இதுதான். டிரம் சுற்றும்போதே கொஞ்சம் தண்ணீர், அப்புறம் பாதி ஜல்லி. இந்த ஜல்லி உருண்டு உருண்டு டிரம்மின் சுவரையும் பிளேடையும் தேய்த்துவிடும். பிறகு மணல், சிமெண்ட், மீதி ஜல்லி, கடைசியில் மீதித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக. அன்றைய முதல் டிரம்முக்கு மட்டும் சிமெண்ட் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போடுங்கள், டிரம்மின் சுவர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

மலையில் பெரிய வம்பு தண்ணீர்தான். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3 என்ற கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வேண்டிய மணல் ஏறக்குறைய 80 கிலோ. ராத்திரி முழுக்க மூடுபனியில் திறந்து கிடந்த மணலில் 5 சதவீதம் ஈரம் இருந்தாலே அதில் 4 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கழிக்காமல் 25 லிட்டரையும் ஊற்றினால் கான்கிரீட் கஞ்சியாகிவிடும், பலமும் குறையும். தார்ப்பாய் போட்டு மூடுவதற்கு என்ன செலவாகிவிடப் போகிறது!

எல்லாம் உள்ளே போன பிறகு குறைந்தது 2 நிமிடம் சுற்ற வேண்டும். டிரம்மில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுச் சுற்றுகளை எண்ணிப் பார்த்தேன், எங்கள் மெஷினில் 2 நிமிடத்துக்கு 40 சுற்று வந்தது. ஒரே நிறமாகி, ஒரு ஜல்லிகூட வெளுப்பாகத் தெரியக் கூடாது.

சரிவில் மெஷினை நிறுத்தும்போது சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, சட்டத்தை மட்டம் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். சாய்ந்து நின்றால் கலவை ஒரு பக்கமே குவியும், வாய் வழியாகவும் சிந்தும். இங்கே குளிருக்கு எல்லோர் கழுத்திலும் மப்ளர் தொங்கும். பல்சக்கரத்தின் பக்கம் போகிறவர் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும், இதில் நான் யாரிடமும் தயவு பார்ப்பதில்லை. ஓடும் டிரம்முக்குள் மம்பட்டியையும் விடக் கூடாது, பிளேடு அதைப் பிடித்தால் காம்பு உங்கள் மேல்தான் அடிக்கும்.

வேலை முடிந்ததும் இரண்டு சட்டி ஜல்லியும் சில வாளித் தண்ணீரும் போட்டு 5 நிமிடம் சுற்றவிட்டுக் கவிழ்த்தால் பெரும்பாலும் சுத்தமாகிவிடும், மிச்சத்தை எஞ்சினை நிறுத்திவிட்டுத் தேய்த்து எடுக்கலாம். டீக்குப் போய்விட்டு வந்து கழுவலாம் என்று விட்டால் அது இறுகிவிடும், அப்புறம் சுத்தியலால் தட்டத்தான் தோன்றும். தட்டினால் தகடு நெளியும், அந்த நெளிவிலேயே மறுநாள் சிமெண்ட் ஒட்டும். கழுவிய தண்ணீரை ஒரு குழி வெட்டி அதில் விடுங்கள், ஓடைக்கும் தேயிலைச் செடிக்கும் போகவிடாதீர்கள், அதில் சுண்ணாம்புக் காரம் அதிகம்.